நள்ளிரவுக்குப் பின் கரைந்த 76 ரூபாய் 50 பைசா

ப்ரீபெய்டு எண்ணில் பேலன்ஸ் காணாமல் போனால் பெரும்பாலானோர் அனுப்பும் புகார் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: "காரணமே இல்லாமல் என் பணத்தை எடுத்துவிட்டீர்கள், திருப்பித் தாருங்கள்." நிறுவனத்திலிருந்து வரும் பதிலும் ஒரே வரிதான்: "உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்பவே கட்டணம் கழிக்கப்பட்டுள்ளது." வாடிக்கையாளர் சொன்னதற்கு இது பதிலே இல்லை. ஆனால் அவரும் எதையும் குறிப்பாகக் கேட்கவில்லை. அதோடு புகார் 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தி வரும். போனது எண்பது, நூறு ரூபாய்தானே என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

இப்படிப்பட்ட புகாரில் பணத்தைக் கேட்பதற்கு முன் கணக்கைக் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் திட்டம் முடிந்தது, அதன் பிறகு எந்த நேரத்தில் எவ்வளவு டேட்டா ஓடியது, அதற்கு எந்த விகிதத்தில் கட்டணம் போட்டீர்கள், அந்த விகிதத்தை எனக்கு எப்போது தெரிவித்தீர்கள். இந்த நான்கும் நிறுவனத்தின் கணினியில் பதிவாகியிருக்கும் விஷயங்கள். கடிதம் இவற்றைக் கேட்டால் ஒற்றை வரி பதில் செல்லாது.

ஒரு கணக்கை முழுதாகப் பார்த்துவிடுவோம். கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், மார்ச் 3ஆம் தேதி காலை 10.40க்கு 28 நாள் திட்டம் ஒன்றுக்கு ரீசார்ஜ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தினம் 1.5 ஜிபி டேட்டா, அளவில்லாத பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியிடம் அவ்வப்போது பேச வேண்டும் என்பதற்காக 100 ரூபாய்க்குத் தனியாக ஒரு டாப்-அப்பும் போட்டிருக்கிறார். அதில் வரி 15 ரூபாய் 25 பைசாவும் செயலாக்கக் கட்டணம் 3 ரூபாயும் போக 81 ரூபாய் 75 பைசா மெயின் பேலன்ஸில் நிற்கிறது. மார்ச் 31 காலையில் தம்பியை அழைக்கப் பார்த்தால் அழைப்பு போகவில்லை. பேலன்ஸ் 25 பைசா. இரவு முழுக்க போனைத் தொடவே இல்லை என்கிறார் அவர். அது உண்மைதான். ஆனால் அவர் தொடாவிட்டாலும் போன் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

முதலில் தேதி. மார்ச் 3 காலை 10.40க்குப் போட்டால் 28 நாள் கழித்து மார்ச் 31 காலை 10.40க்குத்தான் முடியும் என்று நாம் நினைப்பது இயல்பு. ஆனால் பல திட்டங்களில் ரீசார்ஜ் செய்த நாளையே முதல் நாளாகக் கணக்கிடுகிறார்கள். மார்ச் 3 ஒன்று என்றால் மார்ச் 30 இருபத்தெட்டு. அன்று இரவு 11.59க்குத் திட்டம் முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் இருக்கிறது என்று நம்பும் வேலிடிட்டிக்கும் நிறுவனத்தின் கணினியில் உள்ள வேலிடிட்டிக்கும் இடையே இந்த எண்ணுக்குப் பத்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. விளங்காத டேட்டா கட்டணங்களில் பல இந்த இடைவெளியில்தான் விழுகின்றன.

அடுத்தது, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பது. போனில் மொபைல் டேட்டா ஆன் ஆக இருக்கும்வரை போனுக்கும் நெட்வொர்க்குக்கும் இடையே ஓர் இணைப்பு திறந்தே இருக்கும். அந்த இணைப்பு கேட்கக் கேட்க, நிறுவனத்தின் கட்டணக் கணினி டேட்டாவைச் சிறு சிறு துண்டுகளாக ஒதுக்கிக் கொடுக்கிறது. ஒரு துண்டு தீர்ந்தால் அடுத்த துண்டு. ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டை எந்தக் கணக்கிலிருந்து கழிப்பது என்று கணினி பார்க்கிறது. திட்டம் உயிரோடு இருந்தால் திட்டத்தின் டேட்டாவிலிருந்து கழிக்கும். திட்டம் முடிந்திருந்து, அடிப்படைக் கட்டணத்தில் டேட்டாவுக்கு அனுமதியும் மெயின் பேலன்ஸில் பணமும் இருந்தால், அங்கிருந்து கழிக்கத் தொடங்கிவிடும். நடுவில் இணைப்பு அறுவதில்லை. போன் திரையில் எதுவும் மாறுவதுமில்லை. பேலன்ஸ் சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் நெட் நிற்கும். மெயின் பேலன்ஸில் எதுவுமே வைத்திருக்காதவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

அடிப்படைக் கட்டணம் என்பது திட்டம் எதுவும் இல்லாதபோது பொருந்தும் விலை. ஒரு எம்பிக்கு 50 பைசா என்பது பல திட்டங்களின் விவரக் குறிப்பில் காணப்படும் விகிதம். 50 பைசா என்று படிக்கும்போது சிறியதாகத் தெரியும். 1 ஜிபி என்பது 1,024 எம்பி, ஆகவே அதே விகிதத்தில் 1 ஜிபிக்கு 512 ரூபாய். முந்தைய நாள் வரை தினம் 1.5 ஜிபி தாராளமாகச் செலவழித்த போன், நள்ளிரவுக்குப் பின்னும் அதே பழக்கத்தில் ஓடுகிறது. பழைய முறையில் 10 கேபிக்கு 4 பைசா என்று எழுதப்பட்ட விகிதங்களும் உண்டு. அது எம்பிக்கு 4 ரூபாய்க்கு மேல் வரும். அதனால்தான் எந்த விகிதம் என்ற கேள்வி கடிதத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறேன்.

நம் தையல்காரரின் போனில் இரவு என்ன ஓடியது? ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸுக்குள் போய் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்தால் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று தெரியும். அங்கே வாட்ஸ்அப் மட்டும் 140 எம்பிக்கு மேல் எடுத்திருப்பதாகக் காட்டுகிறது என்று கொள்வோம். வாட்ஸ்அப் தன் உரையாடல்களையும் படங்களையும் இரவு 2 மணி வாக்கில் கூகுள் கணக்கில் சேமிக்கும். இதை வைஃபையில் மட்டும் செய்யச் சொல்லலாம், மொபைல் டேட்டாவிலும் செய்ய அனுமதிக்கலாம். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். தினம் 1.5 ஜிபி இருந்தவரை இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

போன் காட்டும் அளவும் நிறுவனம் காட்டும் அளவும் துல்லியமாகப் பொருந்தாது. வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்படும் துணுக்குகள், முகவரித் தகவல்கள் ஆகியவற்றை நெட்வொர்க் தன் பக்கத்தில் எண்ணுவதால் சில சதவீத வித்தியாசம் சாதாரணம். அந்தச் சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் கடிதம் பலவீனமாகிவிடும். நிறுவனம் 153 எம்பி என்று சொல்லி போன் 148 என்று காட்டினால் விட்டுவிடலாம். போன் 20 எம்பி காட்ட, நிறுவனம் 153 என்றால்தான் அது கேட்க வேண்டிய கேள்வி.

கடிதம் எழுதுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. போன பணம் எல்லாமே டேட்டாவுக்குத்தான் போனதா என்று பார்க்க வேண்டும். நிறுவனத்தின் செயலியில் கடந்த சில நாட்களின் பயன்பாட்டு விவரம் இலவசமாகவே கிடைப்பதுண்டு. அதில் நம் தையல்காரருக்கு இரண்டு வரிகள் தென்படுகின்றன: டேட்டாவுக்கு 76 ரூபாய் 50 பைசா, காலர் ட்யூனுக்கு 5 ரூபாய். இரண்டும் சேர்ந்து 81 ரூபாய் 50 பைசா, மிச்சம் 25 பைசா. கணக்கு நேராகிறது. ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு விதிகளின் கீழ் வருபவை. ஒரே மூட்டையாகக் கட்டி 81.50 ரூபாய் போய்விட்டது என்று எழுதினால், எளிதில் திரும்பக் கிடைக்கக்கூடிய 5 ரூபாயும் மற்றதோடு சேர்ந்து நிராகரிக்கப்படும்.

காலர் ட்யூன் போன்ற கூடுதல் சேவைகளுக்கு விதி தெளிவாக இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி வாடிக்கையாளர் இரண்டு முறை ஒப்புதல் தந்தால்தான் அந்தச் சேவையைத் தொடங்க முடியும். கேட்காமல் தொடங்கிவிட்டார்கள் என்றால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது, பணம் திரும்பப் பெறும் வழி அந்தக் கெடுவை ஒட்டியே அமைந்திருக்கிறது. நிறுத்துவதற்கான கட்டணமில்லா எண் 155223. ஆகவே காலையில் பேலன்ஸ் போனதைக் கண்டவுடன் முதலில் அழைக்க வேண்டியது இந்த எண்ணைத்தான். கடிதத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

டேட்டாவுக்கான விதி அவ்வளவு நேரானதல்ல. 2012ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகளில் 2015 ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் டேட்டா சேவையைத் தொடங்கக் கூடாது, அதற்கென 1925 என்ற கட்டணமில்லா எண் இருக்க வேண்டும் என்றது அது. அந்த எண்ணுக்கு START என்று அனுப்பினால் டேட்டா தொடங்கும், STOP என்று அனுப்பினால் நிற்கும். திட்டத்தின் டேட்டா பாதி தீர்ந்தபோதும், 90 சதவீதம் தீர்ந்தபோதும், முழுதும் தீர்ந்தபோதும் நமக்கு வரும் குறுஞ்செய்திகளும் இந்தத் திருத்தத்தால் வருபவையே. இவை தவிர, ப்ரீபெய்டு வாடிக்கையாளர் டேட்டா பயன்படுத்திய பிறகு எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு கழிக்கப்பட்டது, மிச்சம் எவ்வளவு என்பதைக் குறுஞ்செய்தியாகவோ திரையில் தோன்றும் செய்தியாகவோ தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி.

இங்கே வாடிக்கையாளரின் பக்கம் இருக்கும் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். START என்ற ஒப்புதலை ஒரு முறை தந்துவிட்டால் அது திட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை. சிம் வாங்கிய காலத்தில் தந்த ஒப்புதல் இன்றும் செல்லுபடியாகிறது என்று நிறுவனம் பதில் சொல்லலாம். 'என் அனுமதியின்றி டேட்டாவைத் தொடங்கிவிட்டீர்கள்' என்ற குற்றச்சாட்டின் மேல் மட்டும் கடிதத்தைக் கட்டினால் அந்த ஒரு பதிலில் கடிதம் சாய்ந்துவிடும். அறிவிப்பின் மேல் கட்டுவதுதான் உறுதியானது. திட்டம் முடியப்போகிறது என்று சொன்னீர்களா? முடிந்த பின் எம்பிக்கு 50 பைசா என்று சொன்னீர்களா? பயன்படுத்திய பின் கழித்த தொகையைச் சொன்னீர்களா? இந்தக் கேள்விகளுக்கு நிறுவனம் தன் குறுஞ்செய்திப் பதிவைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆதாரம் சேர்ப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: அந்த நிறுவனத்திடமிருந்து வந்த குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். விளம்பரம் என்று நினைத்து நாம் தினமும் அழிக்கும் செய்திகளுக்கு நடுவில்தான் ரீசார்ஜ் உறுதிச் செய்தியும், வேலிடிட்டி முடியும் தேதியும், கழித்த தொகையும் இருக்கும். மார்ச் 3 முதல் 31 வரை வந்த எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்தச் செய்தி வரவில்லை என்பதைக் காட்டவும் அந்தத் தொடர் முழுதாக இருக்க வேண்டும்.

பிறகு 198க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இது புகார்களுக்கான கட்டணமில்லா எண். தகவல் கேட்பதற்கான எண் வேறு, அங்கே பேசுவது புகாராகாது. 198இல் பதிவானதும் ஒரு புகார் எண் குறுஞ்செய்தியில் வரும். அந்த எண் இல்லாமல் அனுப்பும் கடிதம் மேல்முறையீட்டில் பயன்படாது. அழைப்பில் இரண்டு வாக்கியம் போதும், விவரமெல்லாம் கடிதத்தில். எழுதி அனுப்ப வேண்டிய முகவரியை ட்ராயின் tccms.trai.gov.in தளத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாநிலவாரியாகப் புகார் மையத்தின் எண்ணும் மேல்முறையீட்டு அதிகாரியின் தொடர்பும் அங்கே இருக்கின்றன. இன்றும் கையிலிருந்து கைக்கு மாறும் சில மாதிரிக் கடிதங்கள் 'நோடல் அதிகாரி அவர்களுக்கு' என்று தொடங்குகின்றன. அந்த நடுப்படியை 2012ஆம் ஆண்டு விதிமுறைகளே நீக்கிவிட்டன. இப்போது இருப்பவை புகார் மையம், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி என்ற இரண்டே படிகள்.

இனி கடிதம். நம் தையல்காரர் எழுதுவதாக இருந்தால் நான் அவருக்கு இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

அனுப்புநர்: பெயர், முகவரி, ப்ரீபெய்டு எண்
பெறுநர்: புகார் மையம், தமிழ்நாடு வட்டம்
நாள்: மார்ச் 31

பொருள்: திட்டம் முடிந்த பின் மெயின் பேலன்ஸிலிருந்து கழிக்கப்பட்ட தொகைக்கு விவரமும், திருப்பித் தருதலும் கோருதல். (198இல் பதிவு செய்த புகார் எண் இங்கே.)

ஐயா / அம்மா,

மேற்கண்ட எண்ணுக்கு மார்ச் 3 காலை 10.40க்கு 28 நாள் திட்டம் ரீசார்ஜ் செய்தேன். மார்ச் 30 இரவு 9 மணிக்கு மெயின் பேலன்ஸ் ரூ.81.75. மார்ச் 31 காலை 6.10க்கு ரூ.0.25. இரண்டு நேரத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். உங்கள் செயலியில் உள்ள விவரப்படி இந்த இடைவெளியில் டேட்டாவுக்கு ரூ.76.50, காலர் ட்யூனுக்கு ரூ.5 கழிக்கப்பட்டுள்ளன.

டேட்டா கட்டணம் ரூ.76.50 குறித்துக் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். என் திட்டம் முடிந்ததாக உங்கள் பதிவில் உள்ள தேதியும் மணியும் நிமிடமும். அதற்குப் பின் ஒவ்வொரு கழிவும் நடந்த நேரம், டேட்டா அளவு, தொகை. பயன்படுத்தப்பட்ட கட்டண விகிதம், அது எந்தத் திட்ட ஆவணத்தில் உள்ளது. திட்டம் முடியும் நேரத்தையும், முடிந்த பின் பொருந்தும் விகிதத்தையும், கழித்த தொகையையும் எனக்குத் தெரிவித்து அனுப்பிய செய்திகளின் நேரமும் வாசகமும். மார்ச் 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களில் உங்களிடமிருந்து எனக்கு வந்த எல்லாச் செய்திகளையும் இணைத்துள்ளேன். அவற்றில் இப்படியொரு செய்தி இல்லை. அறிவிப்பு அனுப்பப்பட்டதற்குப் பதிவு இல்லையெனில் ரூ.76.50ஐ மெயின் பேலன்ஸில் திருப்பி வைக்கக் கோருகிறேன்.

காலர் ட்யூன் சேவையை நான் கேட்கவில்லை. மார்ச் 31 காலை 155223க்கு அழைத்து நிறுத்தச் சொல்லிவிட்டேன். நான் தந்ததாகச் சொல்லப்படும் இரண்டு ஒப்புதல்களின் பதிவைத் தர வேண்டும், இல்லையெனில் ரூ.5ஐத் திருப்பித் தர வேண்டும்.

தீர்வை எழுத்தில் தெரிவிக்காமல் புகாரை முடித்து வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இவ்வளவுதான். இதில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. கோபப்படக் கூடாது என்பதற்காக அல்ல. புகார் மையத்தில் இதைப் படிப்பவர் ஒரு நாளில் படிக்கும் எண்ணற்ற கடிதங்களில், எந்தக் கடிதத்தில் தேதியும் தொகையும் நேரமும் முதல் நான்கு வரிகளுக்குள் இருக்கிறதோ அதைத்தான் கணினியில் போட்டுப் பார்க்க முடியும். நஷ்டஈடு என்று ஆயிரக்கணக்கில் கேட்பதையும் தவிர்த்திருக்கிறேன். புகார் மையத்தில் இருப்பவருக்குக் கழித்த தொகையைத் திருப்பி வைக்கும் வழி இருக்கும், நஷ்டஈடு கொடுக்கும் வழி இருக்காது. அவர் செய்ய முடிந்ததைக் கேட்டால்தான் அவர் செய்வார்.

இரவு 9 மணி பேலன்ஸுக்கு ஸ்கிரீன்ஷாட் எல்லோரிடமும் இருக்காது. அப்போது கடைசியாகப் பேசிய அழைப்புக்குப் பின் வந்த பேலன்ஸ் செய்தியோ, டாப்-அப் செய்தபோது வந்த செய்தியோ போதும். அதுவும் இல்லையென்றால் நிறுவனத்திடமே கேட்கலாம். ப்ரீபெய்டு வாடிக்கையாளர் முந்தைய ஆறு மாதங்களுக்குள் எந்தக் காலத்துக்கும் விரிவான பயன்பாட்டுக் கணக்கைக் கேட்டுப் பெறலாம் என்று 2012 விதிமுறைகள் சொல்கின்றன. அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, 30 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். 76 ரூபாய்க்காக 50 ரூபாய் செலவழிப்பதா என்று தோன்றும். செயலியிலேயே விவரம் இருக்கும்போது தேவையில்லை. ஆனால் மாதாமாதம் இப்படிப் போகிறது என்ற சந்தேகம் இருப்பவர்கள் ஒரு முறை இந்தக் கணக்கை வாங்கிப் பார்ப்பது நல்லது. பல மாதங்களின் கழிவுகள் ஒரே தாளில் வரிசையாக நிற்கும்போது, எல்லாம் 28ஆம் நாள் நள்ளிரவை ஒட்டியே இருப்பது கண்ணில் படும். அதைவிட வலுவான இணைப்பு ஒரு கடிதத்துக்குக் கிடைக்காது.

பயன்பாட்டுக் கணக்கைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அதிலுள்ள நேரம், டேட்டா ஓடிய நேரமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நீண்ட இணைப்பின் தொடக்க நேரமாகவோ முடிவு நேரமாகவோ இருக்கலாம். இரவு 10.50க்குத் தொடங்கி 2.40க்கு முடிந்த ஒரே இணைப்பில் திட்டத்துக்குள் ஓடியதும் திட்டத்துக்கு வெளியே ஓடியதும் கலந்திருக்கும். அந்த ஒரு வரிக்கு எதிரே 76.50 என்று போட்டிருந்தால், 11.59க்கு முன் ஓடிய பகுதிக்கும் சேர்த்துக் கட்டணம் போட்டார்களா என்று கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி. ரூ.76.50ஐ 50 பைசாவால் வகுத்தால் 153 எம்பி. போனில் நள்ளிரவுக்குப் பின் வாட்ஸ்அப் எடுத்தது ஏறத்தாழ அந்த அளவு என்றால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அப்போது சண்டை கணக்கைப் பற்றியதல்ல, அறிவிப்பைப் பற்றியது. வகுத்து வந்த எண் போன் காட்டுவதைவிட மிகப் பெரியதாக இருந்தால் கணக்கே தவறு. புகாரை அனுப்புவதற்கு முன் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்த்துவிட்டால், எதைக் கேட்க வேண்டும் என்று நமக்கே தெளிவாகிவிடும்.

பதில் மூன்று விதமாக வரலாம். பணம் திரும்ப வரலாம். சிறு தொகை என்றால் விவாதத்தைத் தவிர்த்து நல்லெண்ணமாகத் திருப்பி வைத்துவிடுவதும் உண்டு. இரண்டாவது, விவரங்களோடு மறுப்பு வரலாம்: இந்த நேரத்தில் முடிந்தது, இந்தச் செய்தியை அனுப்பினோம், திட்ட ஆவணத்தில் விகிதம் இருக்கிறது என்று. செய்தி உண்மையிலேயே வந்திருந்து நாம் பார்க்காமல் விட்டிருந்தால், அந்தக் கட்டணம் சட்டப்படி செல்லும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்றாவதும் அடிக்கடி வருவதும், முதலில் சொன்ன அந்த ஒற்றை வரி.

ஒற்றை வரி வந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. புகார் முடித்து வைக்கப்பட்ட நாளிலிருந்தோ, தீர்ப்பதற்கான கெடு கடந்த நாளிலிருந்தோ 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். 39 நாட்களுக்குள் அதன் மேல் முடிவு சொல்ல வேண்டும். மேல்முறையீட்டு அதிகாரி அந்த நிறுவனத்தின் ஆள்தான். ஆனால் அவருக்கு ஆலோசனை சொல்ல இரண்டு பேர் கொண்ட ஒரு குழு உண்டு, அதில் ஒருவர் ட்ராயில் பதிவு பெற்ற நுகர்வோர் அமைப்பைச் சேர்ந்தவர். இந்தப் படியில் வெளியாள் ஒருவர் நம் காகிதத்தைப் பார்க்கிறார் என்பதால்தான் முதல் கடிதத்தை அவ்வளவு கவனமாக எழுதச் சொல்கிறேன். மேல்முறையீட்டில் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கடிதத்தின் நகல், அதில் கேட்ட கேள்விகள், வந்த பதில், அதில் எந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பது, இவை போதும். பதிவுகள் இல்லை என்று சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் உரிம நிபந்தனைகள் திருத்தப்பட்ட பிறகு, அழைப்பு, இணையப் பயன்பாட்டுப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ட்ராய்க்கே எழுதலாமே என்று பலர் கேட்கிறார்கள். தனிப்பட்ட புகார்களை ட்ராய் விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொன்னால் அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இந்தக் கதவு சில ஆண்டுகள் மூடிக் கிடந்தது. தொலைபேசித் தகராறுகளுக்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் தனி நடுவர் முறை இருப்பதால் நுகர்வோர் நீதிமன்றம் செல்ல முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த அஜய் குமார் அகர்வால் என்பவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த கைபேசிக் கட்டணம், 2013 நவம்பர் – டிசம்பரில் ஒரே மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 பைசா என்று வந்தது. அவர் 2014இல் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2022 பிப்ரவரி 16 அன்று, தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மேல் நுகர்வோர் மன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பானது. அவருடையது போஸ்ட்பெய்டு பில், ஆனால் திறந்த கதவு ப்ரீபெய்டுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 76 ரூபாய்க்கு அங்கே போகச் சொல்ல மாட்டேன். அதே கழிவு திரும்பத் திரும்ப நடக்கிறது, கேட்ட விவரத்தைத் தரவே மறுக்கிறார்கள் என்றால் நிச்சயம் போகச் சொல்வேன்.

பணம் திரும்ப வரும்போது அது வந்து சேரும் இடம் அதே மெயின் பேலன்ஸ். அடுத்த 28ஆம் நாள் இரவும் டேட்டா ஆன் ஆக இருந்தால் அது மறுபடியும் அதே வழியில் போய்விடும். 1925க்கு STOP அனுப்புவது ஒரு வழி. ஆனால் அது டேட்டாவை முழுதாக நிறுத்திவிடும், புதிய திட்டம் போட்டதும் START அனுப்ப மறந்தால் நெட் வராது. அதைவிட எளிது, வேலிடிட்டி முடிவதற்கு முந்தைய நாளே அடுத்த ரீசார்ஜைப் போட்டுவிடுவது. பல நிறுவனங்களில் புதிய திட்டம் வரிசையில் காத்திருந்து பழையது முடிந்ததும் தானாகத் தொடங்கும். போடுவதற்கு முன் அப்படித் தொடருமா என்று செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் இல்லாத மாதமென்றால் கடைசி நாள் இரவு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் படுக்கலாம். வாட்ஸ்அப் சேமிப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவைத்தால் அந்த இரவு 2 மணி வேலையும் நின்றுவிடும்.